ஊதா நிறம் எதை அளக்கிறது?

மருந்து கலந்த தட்டில் நிறம் பாதியாகக் குறைந்தால், பாதிச் செல்கள் இறந்துவிட்டன என்று எழுதிவிடுகிறோம். எம்.டி.டி. சோதனையின் வரலாறு இந்த அவசரத்தை ஏற்பதில்லை.

டெட்ரசோலியம் உப்புகள் வேதியியலுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிமுகமானவை. 1940களில் ஜெர்மனியின் கியோர்க் லாக்கோன் அவற்றைக் கொண்டு விதைகளைச் சோதித்தார். நிறமற்ற கரைசலில் ஊறிய விதையின் உயிருள்ள திசு சிவந்தது. இறந்த திசு வெளுத்தே நின்றது. முளைக்கும்வரை காத்திராமலே விதையின் தரத்தை அறிய இது வழிவகுத்தது.

செல் வளர்ப்பில் பின்னாளில் கதிரியக்க தைமிடினே பெரிதும் பயன்பட்டது. செல்கள் புதிய டி.என்.ஏ.வில் அதை எவ்வளவு சேர்த்துக்கொண்டன என்பதை எண்ணிக் கணக்கிடுவார்கள். 1983இல் டிம் மோஸ்மன் இதற்கு மாற்றாக எம்.டி.டி. என்ற மஞ்சள் டெட்ரசோலியம் உப்பை முன்வைத்தார். உயிருள்ள செல்கள் அதை ஒடுக்கி, நீரில் கரையாத ஊதாப் படிகங்களாக மாற்றுகின்றன. அமிலம் கலந்த ஐசோபுரோப்பனாலில் படிகங்களைக் கரைத்து, 570 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் போதும். கதிரியக்கமும் இல்லை, செல்களைக் கழுவும் வேலையும் இல்லை. தொண்ணூற்றாறு குழிகளையும் கருவியே சில நிமிடங்களில் படித்துவிடும்.

ஆனால் நிறத்தின் அளவு செல்கள் எவ்வளவு தூண்டப்பட்டுள்ளன என்பதையும் பொறுத்தது என்று மோஸ்மனே அக்கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார். மைட்டோகாண்ட்ரியாவின் நொதியே நிறத்தை உண்டாக்குகிறது என்ற பரவலான கருத்தையும் 1993இல் பெரிட்ஜும் டானும் திருத்தினர். ஒடுக்கத்தின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, என்.ஏ.டி.எச்., என்.ஏ.டி.பி.எச். ஆகியவற்றின் துணையால் நிகழ்கிறது என அவர்கள் காட்டினர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குழிக்கு 10,000 செல்கள் இட்டு மருந்தைச் சேர்க்கிறோம். ஒரு நாள் கழித்து மருந்தில்லாத குழி 0.85, மருந்துள்ள குழி 0.45, செல்களற்ற குழி 0.05 எனக் காட்டுகின்றன. செல்களற்ற குழியின் அளவைக் கழித்தால் 0.80, 0.40, ஆகவே 50 விழுக்காடு. மருந்தில்லாத செல்கள் அந்நாளில் ஒருமுறை பெருகி 20,000 ஆகியிருந்தால், மருந்துக் குழியில் அதே 10,000 இருந்தாலும் இதே விடைதான் வரும். அங்கே ஒரு செல்லும் இறக்கவில்லை. பெருக்கம் மட்டுமே நின்றிருக்கிறது. மருந்து சேர்த்த வேளையில் ஒரு தனித்தட்டை அளந்து வைத்திருந்தால் இவ்வேறுபாடு தெரிந்திருக்கும். இறப்பை உறுதிசெய்ய டிரிப்பான் நீலச் சாயமிட்டு எண்ண வேண்டும்.

தாவரச் சாறுகளில் பிழை எதிர்த்திசையில் வரும். பாலிபீனால்கள் செல்களின்றியே எம்.டி.டி.யை ஊதாவாக்க வல்லவை. நச்சு மறைந்து, செல்கள் செழித்ததுபோல் தோன்றும். சாறும் எம்.டி.டி.யும் மட்டும் இட்ட ஒரு குழி இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே ‘உயிர்வாழ்வு விழுக்காடு’ என்று எழுதுவதைவிட ‘வளர்சிதைமாற்றச் செயல்பாடு’ என்று எழுதுவதே அளந்ததற்கு நேரான சொல்.