குழு உரையாடல் பதிவுச் சுருக்கம்

குழு உரையாடல் பதிவுச் சுருக்கம் என்பது, ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் சிலரை நெறியாளர் ஒருவர் கூட்டிப் பேசவைத்த ஒலிப்பதிவிலிருந்து, தயாரிப்புக் குழுவுக்காக எழுதப்படும் அறிக்கை. பங்கேற்பாளர் கருத்தை நெறியாளரின் தூண்டுதலிலிருந்து பிரித்துக் காட்டுவதே இதன் முதற்கடமை. இத்தகைய குழு உரையாடல் முறையின் வேர், 1940களில் ராபர்ட் மெர்ட்டன் வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்போரிடம் நடத்திய நேர்காணல்களில் உள்ளது.

முதலில் பேச்சு முழுவதும் எழுத்தாக்கப்பட்டு, ஒவ்வொரு வரிக்கும் பேசியவர் குறியீடு இடப்படும். நெறியாளர் ‘நெ’, பங்கேற்பாளர் ப1, ப2 என. பின்னர் ஒவ்வொரு கருத்தும் தானாக எழுந்ததா, கேள்விக்குப் பதிலா, வெறும் ஒப்புதலா என வகைப்படுத்தப்படும்.

எடுத்துக்காட்டாக, மிக்ஸி பற்றிய உரையாடலில் நெறியாளர், “சத்தம் தொல்லையா இருக்கா?” என்கிறார். மூவர் “ஆமா” என்கின்றனர். கால் மணி நேரம் கழித்து, யாரும் கேட்காமலே ப4, “குழந்தை முழிச்சுக்கும்னு சட்னியை ராத்திரியே அரைச்சு வெச்சுடுவேன்” என்கிறார். “நால்வர் சத்தத்தைக் குறை கூறினர்” என்று சுருக்குவது பிழை. “சத்தம் பற்றிக் கேட்டபோது மூவர் ஆமோதித்தனர், ஒருவர், தாமாகவே, அதனால் அரைக்கும் நேரத்தை மாற்றியதாகச் சொன்னார்” என்பதே சரி. தயாரிப்புக் குழுவுக்கு இரண்டாவது செய்தியே கனமானது, ஏனெனில் அது நடந்த செயலைச் சொல்கிறது.

சுருக்கத்தில் உள்ள சொல் பதிவில் முதலில் யார் வாயில் வந்தது என்று தேடினால், நெறியாளரின் சொல் பங்கேற்பாளர் கருத்தில் கலந்திருப்பது வெளிப்படும். “எளிமை” என்னும் சொல்லை நெறியாளர் மட்டுமே பயன்படுத்தியிருந்தால், அது பங்கேற்பாளர் கருத்தாகாது. தலையசைப்பு ஒலிப்பதிவில் பதியாது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதும் கூடாது.