மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

1868 ஆகஸ்ட் 18. காலை வேளையில் சூரியன் முழுதாக மறையப்போகிறது என்பது மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தது. காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் இருந்தவர்களுக்கு அது பகுதிக் கிரகணம்தான். நிழலின் பாதை வடக்கே, கிருஷ்ணா நதிப் பக்கம் போனது. அதனால் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வுக்கூடம் அன்று வெளியூர் புறப்பட்டது. அதன் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவிகளை இறக்கினார். அவருடைய முதல் உதவியாளரும், ஓராண்டு முன்பு மாறொளிர் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவருமான சிந்தாமணி ரகுநாதாச்சாரி தனிக் குழுவோடு வனபர்த்திக்குப் போனார். பிரெஞ்சுக்காரர் பியர் ஜான்சன் குண்டூரில் காத்திருந்தார்.

எல்லோருக்கும் இருந்த கேள்வி ஒன்றே. முழு மறைப்பின்போது சூரிய விளிம்பில் சிவப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும் தழல் நாக்குகள் எதனால் ஆனவை? அவை மேகமா, மலையா, வெறும் கண்மயக்கா என்றுகூட முன்பு சண்டை நடந்திருந்தது. அதுவரை எந்தக் கிரகணத்திலும் யாரும் அவற்றை நிறமாலைக்காட்டி வழியாகப் பார்த்ததில்லை. ஒளியை ஒரு மெல்லிய பிளவின் வழியே விட்டு, முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. கையில் இருந்த நேரமோ ஆறு நிமிடத்துக்கும் குறைவு.

பார்த்தார்கள். வானவில்லைப் போல் தொடர்ச்சியான நிறப்பட்டை தெரியவில்லை. இருட்டில் சில ஒளிக்கோடுகள் மட்டும் தனித்தனியாக நின்றன. ஒன்று அடர் சிவப்பு, ஒன்று நீலப்பச்சை. சூரிய ஒளியில் கருங்கோடுகளாக ஃபிரான்ஹோஃபர் எழுத்துப் பெயரிட்டு வைத்த ‘சி’, ‘எஃப்’ கோடுகள் இருந்த அதே இடம். அவை ஹைட்ரஜனுக்கு உரியவை என்று ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ரோம் ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆக, தழல் நாக்கு எரியும் ஹைட்ரஜன் அல்ல, ஒளிரும் ஹைட்ரஜன் வாயு.

ஜான்சன் அன்று செய்த காரியம்தான் அந்தக் கிரகணத்தின் பெரிய அறுவடை என்பேன். கோடுகள் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால், கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் காலையில் அதே குண்டூரில் பார்த்தும்விட்டார். சூரிய வெளிச்சத்தை முப்பட்டகம் பல நிறங்களாக விரிக்க விரிக்க அது நீர்த்துப்போகிறது. கோடாக வரும் ஒளி ஒரே நிறம், விரிய இடமில்லை, அதனால் மங்குவதில்லை. போதுமான அளவு விரித்தால் கோடு மேலே தூக்கித் தெரியும். இதே தந்திரத்தை இங்கிலாந்தில் லாக்யர் தனியாகக் கண்டுபிடித்து அக்டோபரில் செய்து காட்டினார்.

சிக்கல் வேறொரு கோட்டில் இருந்தது. மஞ்சள் கோடு. சோடியத்தின் ‘டி’ கோடுகள் இரண்டு 589.0, 589.6 நானோமீட்டரில் இருப்பவை. கிரகணத்தில் தெரிந்த மஞ்சள் அதே இடம்தானா? போக்சன் ‘டி’ கோட்டிலேயோ அதன் பக்கத்திலேயோ என்று ஜாக்கிரதையாக எழுதினார். அவருடைய அறிக்கை சென்னையில் அச்சாகி அதோடு நின்றுபோனது. அந்த மஞ்சள் கோட்டுக்குரிய ஹீலியத்தை ஜான்சன் குண்டூரில் கண்டுபிடித்தார் என்று இன்றும் பல புத்தகங்கள் சொல்கின்றன. அவர் அப்படி எதையும் சொல்லவில்லை. அவர் கவனம் முழுக்க ஹைட்ரஜன் கோடுகள் மேல்தான். மஞ்சள் கோடு 587.6-ல் இருக்கிறது, சோடியம் அல்ல என்று நிதானமாக அளந்து காட்டியது லாக்யர். ஆனால் அவராலும் உடனே புதுத் தனிமம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இதுவும் ஹைட்ரஜனே, வேறு அழுத்தத்தில் வேறு வெப்பத்தில் மஞ்சளாக ஒளிர்கிறதோ என்ற ஐயம். வேதியியலர் ஃபிராங்க்லண்டுடன் சேர்ந்து ஆய்வகத்தில் ஹைட்ரஜனை விதவிதமாக ஒளிரவைத்துப் பார்த்தார். மஞ்சள் வரவே இல்லை. ஆய்வகத்தில் வரவில்லை என்பதால் சூரியனிலும் வராது என்று எப்படிச் சொல்வது?

இன்றைக்கு அந்த ஐயத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் தீர்த்துவிடலாம். அதற்கு வேண்டிய விதி 1868-ல் யாரிடமும் இல்லை.

விதியின் முதல் பாதி 1885-ல் வந்தது. பாசல் நகரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுத்த யோஹான் பால்மர், அறுபது வயதுக்காரர், ஆங்ஸ்ட்ரோம் அளந்து வைத்த நான்கு ஹைட்ரஜன் எண்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 364.56 நானோமீட்டரை 9/5-ஆல் பெருக்கினால் சிவப்புக் கோடு வந்தது. 16/12-ஆல் பெருக்கினால் நீலப்பச்சை. அடுத்து 25/21, 36/32. மேலே ஒரு முழு எண்ணின் வர்க்கம், கீழே அதிலிருந்து நாலு குறைவு. அணுவைப் பற்றி அவருக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. எண்கள் பொருந்தின, அவ்வளவுதான்.

காரணம் சொன்னவர் நீல்ஸ் போர், 1913-ல். பால்மர் சூத்திரம் வெளியான ஆண்டில் பிறந்தவர். ஹைட்ரஜனின் ஒற்றை எலெக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்கள் மட்டுமே அனுமதி என்றார். n-ஆம் மட்டத்தின் ஆற்றல், −13.6 எலெக்ட்ரான் வோல்ட்டை n-இன் வர்க்கத்தால் வகுத்தது. முதல் மட்டம் −13.6, இரண்டாவது −3.40, மூன்றாவது −1.51, நாலாவது −0.85. சர்வதீர்த்தக் குளத்துப் படிகளைப் போல ஒரே உயரத்தில் அடுக்கியவை அல்ல இவை. மேலே போகப் போக நெருக்கிக்கொண்டு போகும். எலெக்ட்ரான் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு விழும்போது வித்தியாசம் முழுவதும் ஒரே ஒளித்துகளாக வெளியேறுகிறது. வித்தியாசம் பெரிதானால் அலைநீளம் சிறிது.

சிவப்புக் கோடு மூன்றிலிருந்து இரண்டுக்கு விழுவது. கணக்கு இப்படிப் போகும்:

1/λ = R (1/2² − 1/3²) = R × 5/36

R என்பது ரிட்பெர்க் மாறிலி. பாடப்புத்தகத்தில் ஒரு மீட்டருக்கு 1.09737 × 10⁷ என்று இருக்கும். அதைப் போட்டால் 656.11 நானோமீட்டர் கிடைக்கிறது. ஆனால் நிறமாலைக்காட்டி காட்டுவது 656.28. மாணவர்கள் இந்தச் சிறு வித்தியாசத்தைத் தோராயம் என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது, இதில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. புத்தகத்து R, அணுக்கரு அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்ட எண். ஹைட்ரஜனின் கரு எலெக்ட்ரானைவிட 1836 மடங்கு கனமானது. கனம்தான், ஆனாலும் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தைச் சேர்த்தால் R 1.09678 × 10⁷ ஆகக் குறைந்து, விடை 656.47 ஆகிறது. இது வெற்றிடத்து அலைநீளம். நம் கருவி இருப்பது காற்றில். காற்றின் ஒளிவிலகல் எண் 1.00028. அதனால் வகுத்தால் 656.28-க்கு அருகிலேயே வந்து நிற்கும். மசூலிப்பட்டினத்தில் தெரிந்த சிவப்பு அதுவே.

இனி மஞ்சள் கோட்டுக்கு வருவோம். 587.6 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல் 2.11 எலெக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜனில் எந்த இரண்டு மட்டத்துக்கு நடுவே இந்த வித்தியாசம் இருக்கிறது? முதல் மட்டத்துக்கு விழுந்தால் குறைந்தது 10.2 வரும், அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. மூன்றாவது மட்டத்துக்கோ அதற்கு மேலோ விழுந்தால் எங்கிருந்து விழுந்தாலும் 1.51-ஐத் தாண்டாது, அதெல்லாம் அகச்சிவப்பு. மிச்சம் இருப்பது இரண்டாவது மட்டம். மூன்றிலிருந்து இரண்டுக்கு 1.89. நாலிலிருந்து இரண்டுக்கு 2.55. நமக்கு வேண்டிய 2.11 இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு n-ஐக் கேட்டால் 3.25 என்கிறது. மூன்றேகாலாவது மட்டம்! மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே முழு எண் கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும், எவ்வளவு சூடேற்றினாலும், ஹைட்ரஜன் அந்த மஞ்சளைத் தராது. அழுத்தமும் வெப்பமும் கோட்டைத் தடிப்பாக்கும், பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும், சற்றே நகர்த்தவும் செய்யும். புதிதாக ஒரு மட்டத்தைச் செருக அவற்றால் முடியாது.

இந்த வாதம் கையில் இல்லாததால் உலகம் 1895 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றைச் சூடாக்கி வெளிவந்த வாயுவில் அதே 587.6 கோட்டைப் பார்த்தார். ஹீலியம் பூமிக்கு வந்தது அப்படி.

அடுத்த ஆண்டே கதை தலைகீழாயிற்று. தென்வானத்தில், பிப்ரவரி மார்ச் இரவுகளில் நம் ஊரிலிருந்தும் நன்றாகத் தெரியும் சீட்டா பப்பிஸ் என்ற விண்மீனின் நிறமாலையில், ஹார்வர்டின் பிக்கரிங் ஒரு புதுக் கோட்டு வரிசையைக் கண்டார். 454.2-ல் ஒன்று, 420.0-ல் ஒன்று. பால்மர் சூத்திரத்தில் நாலரை, ஐந்தரை என்று போட்டால் கச்சிதமாகப் பொருந்தின. ஹைட்ரஜன்தான், இதுவரை காணாத நிலையில் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். 1912-ல் லண்டனில் ஆல்ஃபிரட் ஃபௌலர், ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் மின்சாரம் பாய்ச்சி இந்த வகைக் கோடுகளை எடுத்தும் காட்டிவிட்டார். முழு எண் மட்டுமே என்று சொன்ன போருக்கு இது நேரடிச் சவால்.

போர் சொன்ன பதில்: அரை எண்ணும் இல்லை, ஹைட்ரஜனும் இல்லை. ஓர் எலெக்ட்ரானை இழந்த ஹீலியம் அது. கருவின் மின்சுமை இரண்டு மடங்கானதால் ஆற்றல்கள் நாலு மடங்காகின்றன. நாலரையிலிருந்து இரண்டுக்கு என்று தோன்றுவது உண்மையில் ஒன்பதிலிருந்து நாலுக்கு விழுவது. ஹைட்ரஜனே இல்லாத ஹீலியக் குழாயில் பாருங்கள் என்றார். மான்செஸ்டரில் எவன்ஸ் பார்த்தார், கோடுகள் இருந்தன.

ஃபௌலர் லேசில் விடவில்லை. நாலு மடங்கு என்றால் சரியாக நாலு வரவேண்டும், என் அளவு 4.0016 என்கிறதே என்று கேட்டார். மேலே நாம் பார்த்த கருவின் ஆட்டம் இங்கேதான் கைகொடுத்தது. ஹீலியத்தின் கரு ஹைட்ரஜனுடையதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு கனம், ஆகவே அதைவிடக் குறைவாக ஆடும். அதைக் கணக்கில் சேர்த்து போர் அனுப்பிய விகிதம் 4.00163. ஃபௌலர் ஏற்றுக்கொண்டார்.

(தொடரும்)