சில்லறை வாணிபச் சக்கரம்

குறைந்த விலையும் குறைந்த சௌகரியமும் கொண்டு சந்தையில் நுழையும் புதுவகைக் கடை, நாளடைவில் வசதிகளைப் பெருக்கிச் செலவேறி, விலையையும் உயர்த்தி, தான் வென்ற பழைய கடையின் ஸ்தானத்துக்கே வந்து, மற்றொரு மலிவான கடைக்கு இடங்கொடுக்கும் என்னும் சித்தாந்தம். இதனை 1958-இல் விளக்கியவர் ஹார்வர்டு பேராசிரியர் மால்கம் மக்நேர்.

அமெரிக்க மளிகை வியாபாரமே இதற்குத் தெளிவான உதாரணம். கடனுக்குச் சரக்குக் கொடுத்து, அதை வீட்டுக்கும் அனுப்பிவந்த தெருமுனைக் கடைகளை, 1912 முதல் அவ்விரண்டையும் ஒழித்து ரொக்கத்துக்கே விற்ற ஏ அண்டு பி நிறுவனத்தின் சிக்கனக் கடைகள் பின்தள்ளின. அத்தகைய சங்கிலிக் கடைகளையோ, 1930-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் காலியாகக் கிடந்த மோட்டார்க் கொட்டகையில் மைக்கேல் கல்லன் திறந்த, வாங்குவோர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் கிங் கல்லன் பேரங்காடி நெருக்கத் தொடங்கிற்று. பிற்காலப் பேரங்காடிகள் குளிர்சாதனமும் அலங்காரமும் சேர்த்துக்கொள்ள, தள்ளுபடிக் கடைகள் தலையெடுத்தன.

1995-இல் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான், 2000-இல் பிற வியாபாரிகளுக்கும் தன் தளத்தில் இடமளித்தது. கடைவாடகை இல்லாத இம்முறையிலும் கிடங்கு, விரைவு விநியோகம், திரும்பி வரும் சரக்கு ஆகியவற்றின் செலவு ஏறிவர, விற்பவர் செலுத்தும் கட்டணமே புதிய வாடகையாயிற்று எனலாம்.

ஆயினும் எல்லா இடங்களிலும் இச்சக்கரம் இவ்வாறே சுழல்வதில்லை. தானியங்கி விற்பனை இயந்திரங்கள் தொடக்கத்திலேயே அதிக விலையோடு புகுந்தன என்பதை 1960-இல் ஸ்டான்லி ஹாலண்டர் எடுத்துக்காட்டினார்.