சீலைக் கள்ளனும் நெருப்புக் கள்ளனும்

சிங்கள மக்களின் பேச்சிலே இரண்டு கள்ளர்கள் உண்டு. ஒருவன் 'ரெதி ஹொரா', அதாவது சீலைக் கள்ளன். மற்றவன் 'கினி ஹொரா', நெருப்புக் கள்ளன். இருவருமே பறவைகள். முன்னவன் திருடிய வெள்ளைத் துணியை வாலிலே கட்டி இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல் மரத்துக்கு மரம் பறப்பான். பின்னவன் அதே நீள வாலுடன், ஆனால் தீக்கொழுந்தின் செந்நிறத்துடன் பறப்பான். மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, தம்புள்ளை, சீகிரியாப் பக்கத்துக் காடுகளில் இருவரையும் காணலாம். தமிழில் இப்பறவைக்கு அரசவால் ஈபிடிப்பான் என்று பெயர்.

'இப்பறவைக்கு' என்று ஒருமையில் எழுத எனக்குச் சில காலம் பிடித்தது. 1990களில் நான் பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு இதழுக்குச் சீகிரியாவிலிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் வெள்ளைப் பறவை, மற்றதில் செம்பழுப்புப் பறவை. 'சீகிரியாக் காட்டின் இரு அழகிய பறவையினங்கள்' என்று படக்குறிப்பு எழுதியவன் நான்தான். அடுத்த கிழமை றத்தோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அஞ்சலட்டை வந்தது. இரண்டும் ஓரினமே என்று திருத்தியிருந்தார். அதோடு நில்லாமல், 'வெள்ளையன் நம்மூர்க்காரன் அல்லன்' என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். முதல் வரி வெட்கத்தைத் தந்தது. இரண்டாவது வரி எனக்கு அன்று விளங்கவில்லை.

என் பிழைக்குப் பெரிய துணை உண்டு. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758ஆம் ஆண்டு இந்த ஈபிடிப்பானைக் காக்கைகளின் பேரினத்தில் சேர்த்து 'கோர்வஸ் பாரடிசி' என்று பெயரிட்டார். அதே நூலில் நம் குயிலுக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. இலண்டனில் வாழ்ந்த ஜோர்ஜ் எட்வேர்ட்ஸ் என்ற ஓவியர், கரிய குயிலையும் புள்ளிக் குயிலையும் இருவேறு பறவைகளாகக் கருதி அடுத்தடுத்த ஓவியங்களாக வரைந்திருந்தார். அவற்றை நம்பி லின்னேயஸ் இரண்டுக்கும் வெவ்வேறு இனப் பெயர்கள் சூட்டிவிட்டார். கரியது ஆண், புள்ளியுடையது பெண். கணவனும் மனைவியும் இரு இனங்களாயினர்!

ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தவை உலர்ந்த தோல்களும் ஓவியங்களுமே. எது எதனுடன் கூடு கட்டியது, எந்தக் குஞ்சுக்கு எது இரை ஊட்டியது என்பதைத் தோல் சொல்லாது. சுட்ட பறவையின் வயிற்றைத் திறந்து, உள்ளே விதையா சூலகமா என்று பார்த்து, அதனைச் சீட்டில் எழுதிக் காலிலே கட்டும் வழக்கம் பரவிய பின்னர்தான் இக்குழப்பம் தெளியத் தொடங்கியது. இலங்கையில் பணியாற்றிய பீரங்கிப் படை அதிகாரி வில்லியம் வின்சென்ட் லெக், 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலில், ஆண், பெண், இளம்பறவை என்று தனித்தனியாக வருணித்திருப்பது இந்த வழக்கத்தின் பயனே.

ஈபிடிப்பானிலோ ஆண், பெண் என்று பிரித்த பின்னும் சிக்கல் தீரவில்லை. வெள்ளை ஆண், செம்பழுப்பு பெண் என்று எளிதாகச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். பலர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் பெண் எப்போதும் செம்பழுப்பு, வால் குட்டை, தொண்டை சாம்பல் நிறம். கூட்டைவிட்டு வெளிவந்த இளம் ஆணும் அநேகமாக அவ்வாறே இருக்கும். பின்னர் அதன் தொண்டை கறுக்கும். கண்ணைச் சுற்றிய நீல வளையம் பளிச்சிடும். இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலே வாலின் நடு இறகுகள் இரண்டும் நாடாப்போல் நீளும். அப்போதும் நிறம் செம்பழுப்பே. இந்தியாவில் இனம்பெருக்கும் ஆண்களுள் பல அதற்குப் பின்னரே வெள்ளையாகின்றன.

முளைத்து முடிந்த இறகு உயிரற்ற பொருள். நம் தலைமயிர் நரைப்பதுபோல் அதுவும் வேரிலிருந்துதான் மாறவேண்டும். பழையது உதிர்ந்து புதியது முளைத்தாலன்றி நிறம் மாறாது. ஆகவே செம்பழுப்பு உடலும் ஆங்காங்கே வெள்ளை இறகுகளுமாகச் சில பறவைகள் காணப்படுகின்றன. தனியே பார்ப்பவர் இதனை மூன்றாவது இனம் என்று எண்ணக்கூடும். ஆனால் செம்பழுப்பும் வெள்ளையும் ஒரே ஆணின் இருபருவங்கள் என்பதற்கு இந்தக் கலப்பு நிறத்தவையே சாட்சியாயின. ஆணின் அலங்காரம் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? பெண்ணைப்போல் தோன்றும் இளைஞனை மூத்த ஆண்கள் போட்டியாளனாக எண்ணித் துரத்துவது குறைவு என்பது பறவையியலாளர் பொதுவாகத் தரும் விளக்கம். குட்டை வாலுடனேயே இணைசேரும் இளம் ஆண்களும் உண்டு. அப்படிப்பட்ட சோடியின் கூட்டைக் காண்பவர், நீள வாற்குருவிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று கருதினால் அவரைக் குறைகூற முடியாது. அடைகாப்பதில் ஆணும் பங்குகொள்வதால், கூட்டில் இருப்பதெல்லாம் பெண் என்று கொள்வதும் தவறாகும்.

இனி அந்த அஞ்சலட்டையின் இரண்டாவது வரிக்கு வருகிறேன். இலங்கையிலே நிலையாக வாழும் ஈபிடிப்பான் ஒரு தனித் துணையினம். அதன் ஆண் எவ்வளவு மூத்தாலும் வெள்ளையாவதில்லை. இத்தீவில் நாம் காணும் வெள்ளை ஆண்கள், ஒக்டோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து வந்து, ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும் விருந்தாளிகள். 1955இல் வெளிவந்த ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைகள் கையேட்டைப் பின்னர் வாங்கிப் படித்தபோதுதான் ஆசிரியரின் வரி எனக்கு விளங்கியது. ஆக, சீலைக் கள்ளன் என்றும் நெருப்புக் கள்ளன் என்றும் பெயர் பிரித்த கிராமத்தவர் இனத்தைக் கணிப்பதிலே தவறினாலும், வருபவனையும் இருப்பவனையும் ஓரளவு சரியாகவே பிரித்திருக்கிறார்கள். படித்த நான் அதனையும் செய்யவில்லை.

ஓரளவு என்று சொல்லக் காரணம் உண்டு. திசெம்பரில் சீகிரியா அகழியின் ஓரத்து மர நிழலிலே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீள வால் வெள்ளைப் பறவை வந்தால் ஐயமில்லை: இந்தியாவிலிருந்து வந்த மூத்த ஆண். நீள வால் செம்பழுப்புப் பறவையும் ஆண்தான்; ஆனால் உள்ளூர் ஆணாகவும் இருக்கலாம், இன்னும் வெண்மை பெறாத விருந்தாளியாகவும் இருக்கலாம். குட்டை வால் செம்பழுப்புப் பறவையானால் முதலில் தொண்டையைப் பாருங்கள். கறுப்பென்றால் வளர்ந்துவரும் ஆண். சாம்பலென்றால் பெண் அல்லது முதலாண்டு ஆண். உள்ளூரா வெளியூரா என்ற கேள்வி அப்போதும் நிற்கும். இந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதுவதே நேர்மை.

அதே இடத்துக்கு யூலையில் போனால் விடை எளிது. விருந்தாளிகள் இல்லை, காண்பதெல்லாம் உள்ளூர்ப் பறவைகள். வெள்ளைதான் ஆண் என்று நம்புகிறவர் அப்போது அங்கே நின்றால், நீள வால் நெருப்புக் கள்ளர்களையெல்லாம் பெண்ணென்று எண்ணிவிட்டு, ஆணே இல்லாத காடு இது என்று திரும்பி வருவார். றத்தோட்டை ஆசிரியருக்கு நன்றி தெரிவித்து எழுத நினைத்தேன். அஞ்சலட்டையில் முகவரி இருக்கவில்லை.