மணிக்கூட்டின் தங்க நிறம் எத்தனை வருடம் நிற்கும்?

எங்கள் வீடுகளில் தங்க நிற மணிக்கூடு என்பது பெரும்பாலும் ஒருவரின் ஞாபகம். இடம்பெயர்ந்தபோது மடியில் கட்டிக்கொண்டு வந்தவை இன்றும் பேணிக்குள் இருக்கின்றன. அவற்றை "மினுக்கித் தாருங்கள்" என்று கடையில் கொடுப்பதற்கு முன், அந்த நிறம் எதனால் ஆனது என்பதை அறிந்திருப்பது நல்லது. ஒருமுறை போன முலாம் மினுக்குவதால் திரும்பி வராது.

பழைய மணிக்கூடுகள் பலவற்றில் உள்ளது மின்முலாம். பித்தளைக் கூட்டை நிக்கல் பூசித் தங்கக் கரைசலில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சித் தங்கத்தைப் படிய வைப்பார்கள். அந்தப் படலத்தின் தடிப்பை மைக்ரோனில் அளப்பார்கள். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். அந்தக் காலச் சுவிஸ் மணிக்கூடுகள் பலவற்றில் 10 மைக்ரோன் அல்லது 20 மைக்ரோன் என்று பின்மூடியிலோ வார் பூட்டும் கொம்பின் அடியிலோ பொறித்திருப்பார்கள். இன்று மலிவாக விற்கும் பலவற்றில் அப்படி எந்த அளவும் இருக்காது. அவற்றின் படலம் அரை மைக்ரோனுக்கும் குறைவாக இருக்கலாம்.

இந்த வித்தியாசம் கையில் எப்படித் தெரியும் என்பதற்கு என் பெரியப்பாவின் மணிக்கூட்டையே எடுத்துக்கொள்கிறேன். 20 மைக்ரோன் பொறித்தது. 1978 இல் வாங்கி, 1995 இடப்பெயர்வு வரை தினமும் கட்டினார். அந்த 17 வருடங்களில் பக்கங்களில் தங்கம் அப்படியே நிற்க, கொம்புகளின் நுனியில் மட்டும் பித்தளை தெரிந்தது. சட்டைக் கையும் மேசை விளிம்பும் எப்போதும் உரசுவது அந்த நுனியில்தான். 20 மைக்ரோனை 17 ஆல் வகுத்தால், அந்த இடத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 1.2 மைக்ரோன் தேய்ந்திருக்கிறது. அதே கையில் அரை மைக்ரோன் முலாம் பூசிய மணிக்கூடு இருந்திருந்தால், நுனி ஐந்து மாதத்தில் வெளுத்திருக்கும். இது ஒருவரின் கையில் நடந்த கணக்கு. வேலையையும் வியர்வையையும் பொறுத்து மாறும். ஆனால் தடிப்புக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

தேய்வதோடு இன்னொரு சேதமும் உண்டு. மெல்லிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். வியர்வை உப்பு அவற்றினூடாக இறங்கிப் பித்தளையை அரிக்கும். பச்சைப் பொருக்கு வருவது அதனால்தான். அது வெளியே தெரியும்போது படலத்துக்குக் கீழே அரிப்பு ஏற்கெனவே பரவியிருக்கும்.

பிவிடி என்பது வேறு வழி. காற்று அகற்றிய அறைக்குள் டைட்டேனியத்தை ஆவியாக்கி, நைதரசனுடன் சேரவிட்டு, கூட்டின்மேல் டைட்டேனியம் நைத்திரைட்டாகப் படிய வைக்கிறார்கள். இயல்பாகவே பொன்மஞ்சள் நிறமுள்ள பொருள் அது. படலம் ஒன்று முதல் மூன்று மைக்ரோன் வரைதான் இருக்கும். ஆனால் கடினம் விக்கர்ஸ் அளவில் 2000 அளவுக்கு வரும். உருக்குக்கு அது 200 அளவில்தான். தங்கத்தையும் உருக்கையும் கீறுகிற மணற்றூசு இதைக் கீறுவது அரிது. நல்ல கம்பனிகள் இதன்மேல் மெல்லிய தங்கமும் பூசுகின்றன. அந்தத் தங்கம் தேய்ந்தாலும் கீழே இருப்பதும் தங்க நிறமே என்பதால் வித்தியாசம் அதிகம் தெரியாது. பிவிடியில் தடிப்பு முதற்காரணம் அல்லாததற்கு இதுவே காரணம்.

அதன் பலவீனம் தேய்வில் இல்லை, அடியில் இருக்கிறது. மென்மையான பித்தளையின்மேல் பிவிடி இருந்தால், சீமெந்துத் தரையில் விழும்போது பித்தளை குழிய, மேலுள்ள ஓடு முட்டைக்கோதுபோல் வெடிக்கும். அப்படிப் போன இடத்தை ஊரில் திருத்த முடியாது. முழுக் கூட்டையும் உரித்து மீண்டும் வெற்றிட அறையில் இட வேண்டும். ஆகவே வாங்கும்போது "பிவிடியா?" என்பதோடு "அடியில் உருக்கா, பித்தளையா?" என்றும் கேளுங்கள். பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இருந்தால் மட்டும் போதாது. மூடி உருக்காகவும் கூடு பித்தளையாகவும் உள்ளவை ஏராளம்.

பழையதை என்ன செய்வது? மினுக்கும் சில்லில் பிடித்தால், மிச்சமிருக்கும் சில மைக்ரோன் தங்கமும் ஒரே அமர்வில் போகலாம். பின்மூடியில் வெட்டிய பெயரும் திகதியும் மங்கலாம். முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு மென்துணியால் வியர்வையைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியுடன் இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மறுபடி முலாம் பூசித்தான் ஆகவேண்டும் என்றால், இயந்திரத்தையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டே பூசுவார்களா, எத்தனை மைக்ரோன் என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லாத கடையில் கிடைப்பது பெரும்பாலும் சில மாத நிறம்தான். நான் பெரியப்பாவின் மணிக்கூட்டுக்கு எதுவும் பூசவில்லை. நுனியில் தெரியும் பித்தளை அவர் கட்டிய 17 வருடங்களின் தடம்.