மணத்தக்காளி: பழம் ஓகே, பச்சைக் காய்? வாய்ப்புண்ணுக்கு கீரையை எப்படிச் சமைக்கணும்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் மழை பெய்தால் போதும், கொல்லை ஓரத்திலும் வீட்டுப் பின்புறத்திலும் மணத்தக்காளி தானாக முளைத்து நிற்கும். மிளகு தக்காளி என்றும் சொல்வார்கள். வாய்ப்புண் வந்தால் வீட்டில் முதலில் தேடுவது இந்தச் செடியைத்தான். ஆனால் ஒரே செடியில் பச்சைக் காயும் பழமும் சேர்ந்தே இருக்கும். சிக்கல் அங்கேதான்.

பச்சைக் காயில் என்ன பிரச்னை?

முளைவிட்டு பச்சை நிறமான உருளைக்கிழங்கை ஒதுக்கச் சொல்வார்கள் இல்லையா? அதில் இருக்கும் சோலனின் வகை நச்சுப்பொருள்தான் மணத்தக்காளியிலும் இருக்கிறது. பச்சைக் காயில் இது அதிகம். பழுக்கப் பழுக்கக் குறையும். கறுப்பாகவோ, ரகத்தைப் பொறுத்து ஆரஞ்சுச் சிவப்பாகவோ முழுசா நிறம் மாறி, தொட்டாலே காம்பிலிருந்து கழன்று வந்தால் அது பழம். இனிப்பும் லேசான புளிப்பும் இருக்கும். நாக்கில் கசந்தால் துப்பிவிட வேண்டும்.

குழந்தைகள் விளையாட்டாக ஒரு கைப்பிடி பச்சைக் காயைத் தின்றுவிட்டால், சில மணி நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, பேதி, தலைவலி வரலாம். வாந்தி நிற்கவில்லை, குழந்தை சோர்ந்து மயங்குகிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மீதிக் காயையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்போ வத்தல்?

வத்தலுக்குப் போடுவது பச்சைக் காய்தான். லேசாகக் கீறி அல்லது நசுக்கி, உப்புப் போட்ட மோரில் இரவு ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் திரும்ப அதே மோரில் போடுவார்கள். மோர் வற்றும்வரை இப்படிச் செய்வதில் கசப்பு கொஞ்சம் இறங்கும், முழுசா போகாது. அதனால்தான் வத்தக்குழம்பில் ஒன்றிரண்டு ஸ்பூன் வறுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த அளவுதான் பாதுகாப்பு. பொரியல் மாதிரி அள்ளிச் சாப்பிடும் பொருள் இல்லை.

கீரை சமைக்கும்போது

நுனிக் கொழுந்தையும் இளம் இலையையும் மட்டும் கிள்ளி, கொத்தில் ஒட்டியிருக்கும் பச்சைக் காயை உதிர்த்துவிட வேண்டும். கொதித்தாலே நச்சு அழிந்துவிடும் என்பது தவறு. சாதாரண கொதியில் சோலனின் பெரிதாகச் சிதையாது. ஒரு பகுதி தண்ணீரில்தான் இறங்கும். எனவே கீரை கசந்தால், நிறைய தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெந்த பாசிப்பருப்போடு சேர்க்கலாம். கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினால், காரமில்லாமல் புண் வாய்க்கு இதமாக இருக்கும். ஆறவைத்துச் சாப்பிடுவது முக்கியம்.

பச்சை இலையை மெல்லும் வழக்கமும் உண்டு. நாலைந்து இலை வேறு, தினமும் வெறும் வயிற்றில் கைப்பிடி இலையை அரைத்துக் குடிப்பது வேறு. இரண்டாவது வேண்டவே வேண்டாம்.

சாதாரண வாய்ப்புண் எதுவும் சாப்பிடாமலே ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதனால் கீரைதான் ஆற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் ஆறாத புண், குறிப்பாக வெற்றிலை-புகையிலை போடுபவர்களுக்கு வந்தால், கீரையை நம்பிக் காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது வாய்ப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறியாகவும் இருக்கலாம்.