வாசற்படியில் இரு கைகள்

விருந்தினரைத் தெய்வமாகக் கொள் என்ற அறிவுரை தைத்திரீய உபநிடதத்தின் சீட்சாவல்லியில் வருகிறது. வேதக் கல்வியை முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லி அனுப்பும் அறிவுரைகளில் அது ஒன்று. தாய், தந்தை, ஆசிரியர் என்ற வரிசையில் நான்காவதாக விருந்தினரும் தெய்வமாகிறார். அதே இடத்தில், சந்ததியின் இழையை அறுத்துவிடாதே என்றும் அவனுக்குச் சொல்லப்படுகிறது. அதாவது அவன் இனித் திருமணம் செய்து இல்லறம் நடத்தப் போகிறவன். விருந்தினரைத் தெய்வமாக வணங்க வேண்டியவன் அவன். அந்தத் தெய்வத்துக்கு உலை வைக்கப் போகிறவள் அறிவுரை கேட்கும் இடத்தில் இல்லை.

தமிழில் அவளுக்கென்றே ஓர் இடம் உண்டு. தொல்காப்பியக் கற்பியல், விருந்து புறந்தருவதை மனைவியின் மாண்புகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் அது அவளுடைய கடமையாக இருந்ததே தவிர, அவள் கையில் இருந்த உரிமையாக இருக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் கோவலனுக்கு உணவிட்ட பிறகு கண்ணகி பேசுவதைப் பாருங்கள். அவன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவை என்று அவள் எண்ணிச் சொல்பவற்றில் விருந்தை எதிர்கொள்வதும் ஒன்று. வீடு இருந்தது, பொருளும் சில காலம் இருந்தது, சமைக்கும் கையும் இருந்தது. கணவன் உடன் இல்லாததால் விருந்தோம்பல் இல்லாமற்போனது.

விருந்தினர் தெய்வம் என்றால், அவருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? சமயக் கதைகள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்திருக்கின்றன. முதலில் பெரியபுராணத்தின் இளையான்குடி மாறனார். வறுமை முற்றிய காலத்தில், மழை கொட்டும் இரவில், ஓர் அடியார் வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லை வாரி வரலாம் என்று யோசனை சொல்பவள் மனைவி. இருட்டில் காலால் தடவி வழி கண்டு, மாறனார் முளைநெல்லைக் கூடையில் வாரிக்கொண்டு வருகிறார். விறகில்லை என்று அவள் சொல்ல, கூரை வரிச்சுகளை அறுத்துத் தருகிறார். கறிக்கு, தோட்டத்தில் இன்னும் வளராத இளம்பயிரைப் பறித்து வருகிறார். நெல்லைக் கழுவி, வறுத்து, குற்றி, அரிசியாக்கி, உலையேற்றி, இருந்த கீரையைப் பலவிதக் கறியாக்கியவள் அவள். அடுத்த பருவத்தின் உணவும் தலைக்கு மேலிருந்த கூரையும் அந்த ஓர் இரவில் அடுப்புக்குப் போயின. அடியார் சோதியாக மறைய, இருவருக்கும் சிவனருள் கிடைக்கிறது. நாயனார் என்ற பெயர் மாறனாருக்கு. யோசனையும் உழைப்பும் தந்தவளுக்குச் சேக்கிழார் பெயரிடவில்லை.

இங்கே கொடுக்கப்பட்டவை விதையும் கூரையும். அதே நூலின் இயற்பகை நாயனார் கதையில் பட்டியல் நீள்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரான இயற்பகையார், அடியார் கேட்டதற்கு இல்லை என்று சொல்லாதவர். சிவன் காமுகனான ஓர் அந்தணர் கோலத்தில் வந்து அவருடைய மனைவியைக் கேட்கிறார். தன்னிடம் இருப்பதைத்தானே கேட்டார் என்று இயற்பகையார் மகிழ்கிறார். உள்ளே போய் மனைவியிடம் சொல்கிறார். அவள் முதலில் கலங்குகிறாள். பிறகு கலக்கம் தெளிந்து, கணவர் சொன்னதைச் செய்வதைத் தவிரத் தனக்கு வேறு உரிமை ஏது என்று சொல்லி வணங்குகிறாள். அந்த ஒரு கணக் கலக்கத்தைச் சேக்கிழார் மறைக்காமல் பதிந்திருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞருக்கும் அந்தக் கணம் இல்லாமல் கதை நகரவில்லை.

தடுக்க வந்த உறவினர்களை வெட்டி வீழ்த்தி, சாய்க்காடு வரை அவர்கள் இருவருக்கும் துணையாகப் போகிறார் இயற்பகையார். இனி நீ போகலாம் என்று அந்தணர் சொன்னதும் திரும்புகிறார். பின்னாலிருந்து அழைக்கும் ஓலம் கேட்டு ஓடிவந்தால் அந்தணர் இல்லை. மனைவி மட்டும் நிற்கிறாள். பிறகு சிவன் விடைமேல் காட்சி தருகிறார். மாண்ட உறவினர்களுக்கும் வானுலகம் கிடைக்கிறது. தெய்வம் தன்னைக் காட்டிக்கொண்டதும் நடந்ததெல்லாம் சோதனையாகிவிடுகிறது.

மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தில் இதற்கு நெருங்கிய கதை ஒன்று உண்டு. அக்கினியின் மகன் சுதர்சனன், இல்லறத்தில் இருந்தபடியே மரணத்தை வெல்வேன் என்று உறுதி எடுத்துக் குருட்சேத்திரத்தில் வாழ்கிறான். விருந்தினர் எதைக் கேட்டாலும், உன்னையே கேட்டாலும், மறுக்காதே என்று மனைவி ஓகவதியிடம் சொல்லி வைத்திருக்கிறான். அவன் எங்காவது தவறுவானா என்று மிருத்யு பின்தொடர்ந்துகொண்டே இருக்கிறது. அவன் விறகுக்குப் போன நேரத்தில் ஓர் அந்தணர் வருகிறார். இருக்கையும் நீரும் தந்து என்ன வேண்டும் என்று கேட்கிறாள் ஓகவதி. அவளையே கேட்கிறார். வேறு எதையெல்லாமோ தருவதாகச் சொல்லிப் பார்க்கிறாள். அவர் ஏற்கவில்லை. கணவனின் சொல்லை நினைத்து, நாணத்தோடு இணங்குகிறாள்.

சுதர்சனன் திரும்பி வந்து பெயர் சொல்லி அழைக்கிறான். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. குடிலுக்குள்ளிருந்து விருந்தினரே பதில் சொல்கிறார். மிருத்யு ஆயுதத்தோடு தயாராக நிற்கிறது. அவன் சினம் கொள்ளாமல் உபசரிப்பு தொடரட்டும் என்கிறான். வந்தவர் தர்மதேவன். அவளுடைய கற்பு அவளைக் காக்கிறது, யாரும் அவளைத் தீண்டியிருக்க முடியாது என்று அவரே அறிவிக்கிறார். மரணத்தை வென்றவன் என்ற புகழ் சுதர்சனனுக்கு. ஓகவதியின் பாதி உடல் நதியாக ஓடும், மறுபாதி கணவனைத் தொடரும் என்பது அவளுக்குக் கிடைத்த வரம்.

இந்த இரண்டு கதைகளிலும் கேட்டவர் தெய்வம். அதனால் பெண்ணுக்கு எதுவும் நேரவில்லை. இனி விவிலியத்துக்குப் போவோம். விருந்தினர் உருவில் தெய்வம் வரும் கதை அங்கும் உண்டு. ஆதியாகமத்தின் 18ஆம் அதிகாரத்தில், வெயில் ஏறிய வேளையில் ஆபிரகாமின் கூடாரத்துக்கு மூவர் வருகிறார்கள். அவர் உள்ளே ஓடி, சீக்கிரம் மூன்று அளவை மாவைப் பிசைந்து அப்பம் சுடு என்கிறார் சாராளிடம். இன்றைய கணக்கில் அது 20 லிட்டருக்கும் மேல். விருந்தினர் அருகில் நிற்பவர் ஆபிரகாம். கூடாரத்துக்குள் இருந்து பேச்சைக் கேட்பவள் சாராள்.

அடுத்த அதிகாரத்தில், இரண்டு தூதர்கள் சோதோம் நகரில் லோத்தின் வீட்டில் தங்குகிறார்கள். ஊர் ஆண்கள் வீட்டைச் சூழ்ந்து, விருந்தினரை வெளியே விடச் சொல்கிறார்கள். இவர்கள் என் கூரையின் நிழலுக்குள் வந்தவர்கள் என்று சொல்லும் லோத்து, பதிலாகத் தன் இரண்டு மகள்களைத் தருகிறேன் என்கிறார். தூதர்கள் கூட்டத்தின் கண்களைக் குருடாக்குகிறார்கள். மகள்கள் தப்பிக்கிறார்கள். இங்கும் விருந்தினர் தெய்வத்தின் ஆட்களாக இருந்ததால்தான்.

நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரம் ஏறத்தாழ இதே கதையை, தெய்வம் வராமல் சொல்கிறது. எபிராயீம் மலைநாட்டு லேவியன் ஒருவனின் மறுமனையாட்டி, பெத்லெகேமில் உள்ள தகப்பன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். நான்கு மாதம் கழித்து அழைத்துவரப் போகிறான். மாமனார் விருந்து வைத்து வைத்து, இன்னும் ஒரு நாள் இரு என்று பிடித்து வைக்கிறார். ஆண்கள் இருவரும் உண்டு குடிப்பது விரிவாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெண் அப்போது என்ன செய்தாள் என்பதற்கு ஒரு சொல் இல்லை. ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் கிளம்புகிறார்கள். வழியில் எபூசு நகரம் இருக்கிறது. அது அந்நியர் ஊர் என்று தவிர்த்து, தம் இனத்தார் வாழும் கிபியாவுக்குப் போகிறார்கள். அங்கே தெருவில் உட்கார்ந்தும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் பிழைக்க வந்த எபிராயீம் முதியவர் ஒருவர் அழைத்துப் போய்க் கால் கழுவ நீர் தருகிறார், கழுதைகளுக்குத் தீனி போடுகிறார்.

கூட்டம் சூழ்கிறது. முதியவர் லோத்தைப் போலவே பேசுகிறார். இந்த மனிதன் என் வீட்டுக்கு வந்தவன், இவனை விட்டுவிடுங்கள், என் மகளையும் இவனுடைய மறுமனையாட்டியையும் தருகிறேன் என்கிறார். கூட்டம் கேட்கவில்லை. லேவியன் அவளைப் பிடித்து வெளியே விடுகிறான். இரவெல்லாம் அவளைச் சிதைக்கிறார்கள். விடியும் நேரத்தில் வந்து வாசலில் விழுகிறாள். காலையில் பயணத்துக்குக் கதவைத் திறக்கும் லேவியன், வாசற்படியில் அவள் கைகளைப் பார்க்கிறான். எழுந்திரு, போகலாம் என்கிறான். பதில் இல்லை.

இந்த இடத்தில்தான் விருந்தோம்பலின் இலக்கணம் வெளிப்படையாகத் தெரிகிறது. அவளும் அந்த வீட்டின் விருந்தாளிதான். அதே கூரையின் நிழலுக்குள் வந்தவள். அதே அப்பத்தை உண்டவள். முதியவரின் சட்டப்படி அவளைக் காப்பதும் புனிதக் கடமை. ஆனால் விருந்தினர் என்ற சொல் அவள்மேல் பொருந்தவே இல்லை. அவள் விருந்தினரோடு வந்த பொருள். கொடுப்பவன் ஒருவன், பெறுபவன் ஒருவன், இடையில் கைமாறுபவள் ஒருத்தி என்பதுதான் அந்தச் சட்டம். இயற்பகையார் வீட்டிலும் சுதர்சனன் குடிலிலும் இதே சட்டம்தான். அங்கே கடைசி நிமிடத்தில் தெய்வம் வந்துவிட்டதால் அது நம் கண்ணில் படாமல் போகிறது.

பிறகு லேவியன் அவள் உடலைப் பன்னிரண்டாக வெட்டி இஸ்ரயேல் எங்கும் அனுப்புகிறான். நடந்ததைச் சபையில் சொல்லும்போது, வெளியே தள்ளியவன் தான் என்பதை விட்டுவிடுகிறான். போர் மூள்கிறது. பென்யமீன் குலத்தில் 600 ஆண்கள் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கு மனைவி வேண்டும் என்பதற்காக யாபேஸ் ஊரை அழித்து 400 பெண்களைக் கொண்டுவருகிறார்கள். போதாததற்குச் சீலோவில் திருவிழாவில் ஆடவந்த பெண்களைக் கவர்ந்து போகிறார்கள். ஒருத்திக்கு நேர்ந்ததற்காக எழுந்த போர், பல நூறு பெண்களுக்கு அதையே செய்து முடிகிறது. அமெரிக்க விவிலிய அறிஞர் ஃபிலிஸ் டிரிபில் 1984இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெண்ணுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பெயரில்லாத அவளுக்காகத் துக்கம் காப்பதையே வாசிப்பு முறையாக்கினார் அவர்.

விருந்தோம்பலை வேறு விதமாக நினைத்துப் பார்த்தவர்கள் நம் மரபில் இருக்கிறார்கள். மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி, புகார் நகரின் உலக அறவியில் உணவிடுகிறாள். அவள் கணிகையின் மகள், துறவி. அவளுக்கு வீடும் இல்லை, கணவனும் இல்லை. கண்ணகிக்கு இல்லாமற்போனது அவளுக்குக் கைகூடுகிறது. பாத்திரத்தில் முதல் பிச்சை இடத் தகுதியானவள் கற்புடைய ஆதிரை என்று சாத்தனார் வைத்திருப்பதால், பழைய அளவுகோல் முழுவதும் போய்விடவில்லை. ஆனாலும் அங்கே உண்ண வருபவர்கள் தெய்வமா என்று யாரும் சோதிப்பதில்லை. அவர்கள் காணார், கேளார், நோயுற்றோர், பசித்தோர். பசி ஒரு பிணி, சோறு அதற்கு மருந்து, அவ்வளவே. அவளை அடைய விரும்பி இளவரசன் உதயகுமரன் பின்தொடர்ந்து வரும்போது, அவள் காயசண்டிகையின் உருவை எடுத்துக்கொண்டு உணவிடுகிறாள். சோறு எல்லோருக்கும் உண்டு. அவள் யாருக்கும் இல்லை.